டேவியின் ஒரு வாக்கியத்தை ஃபாரடே பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னார்

மெழுகுவத்திச் சுடர் ஏன் மஞ்சளாக வெளிச்சம் தருகிறது? கேஸ் அடுப்பின் நீலச் சுடர் அதைவிடச் சூடானது. ஆனால் கரண்ட் போன ராத்திரியில் அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது. சூடு அதிகம், வெளிச்சம் குறைவு. இது எப்படி?

இதற்கான விடை 1817-லேயே அச்சில் வந்துவிட்டது. எழுதியவர் ஹம்ஃப்ரி டேவி, இடம் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ். 1860 டிசம்பர் கடைசியில், டேவியிடம் ஒரு காலத்தில் உதவியாளராக இருந்த மைக்கேல் ஃபாரடே அதே விடையை ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கூடியிருந்த பிள்ளைகளுக்குச் சொன்னார். நடுவில், 1850-ல், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் அதே விஷயம் கதை மாதிரி வந்தது. ஆக ஒரே விளக்கம், மூன்று வடிவம். கொஞ்ச நாளாக இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரியவர்களுக்கான விளக்கத்தைப் பிள்ளைகளுக்கு மாற்றும்போது எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கவே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் டேவி. நிலக்கரிச் சுரங்கங்களில் வாயு தீப்பிடித்து வெடித்து ஆட்கள் சாவதைத் தடுக்க 1815-ல் அவர் ஒரு பாதுகாப்பு விளக்கு செய்தார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை, அதுதான் அதன் சூட்சுமம். அந்த வேலையில் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. வாயுவை முன்கூட்டியே காற்றோடு கலந்து எரித்தால் சுடர் வெளிறிப்போய், மங்கலாக இருக்கிறது. அதே வாயுவைத் தனியாகக் குழாயிலிருந்து விட்டு, அது காற்றைச் சந்திக்கும் இடத்தில் எரித்தால் பளிச்சென்று ஒளி வருகிறது. ஏன் என்று யோசித்து அவர் வந்த முடிவை என் தமிழில் சுருக்கினால் இப்படி வரும்: காற்று குறைவாக உள்ள சுடரின் உட்பகுதியில் வாயு சிதைகிறது, அதிலிருந்து கெட்டிப் பொருளாகக் கரி பிரிகிறது, அந்தக் கரி முதலில் சூடேறி ஒளிர்ந்து, பிறகு தானும் எரிகிறது, சுடரின் வெளிச்சம் அந்தக் கரியால் வருகிறது.

டேவி இதை ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது போதும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வாக்கியத்தில் நான்கு பூட்டு இருக்கிறது. சுடருக்கு 'உட்பகுதி' என்று ஒன்று இருக்கிறதா? அங்கே காற்று குறைவு என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத வாயுவிலிருந்து கெட்டிக் கரி எப்படி வரும்? கரி கறுப்பாச்சே, அது எப்படி வெளிச்சம் தரும்? இந்தக் கடைசிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள்.

அடுத்தது 1850-ன் வடிவம். ஃபாரடே 1848-ன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் முதல் தடவையாக மெழுகுவத்தியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு உரை நிகழ்த்தியிருந்தார். டிக்கன்ஸ் 1850 மே மாதம் ஃபாரடேக்குக் கடிதம் எழுதி, அந்த உரைக்கான குறிப்புகளைக் கேட்டு வாங்கினார். பெர்சிவல் லீ என்பவர் அதை வைத்து எழுதிய கட்டுரை ஆகஸ்டில் வெளியானது. ஹாரி என்று ஒரு பையன். உரையைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டு விருந்தில் மெழுகுவத்தியின் ரசாயனத்தைக் குடும்பத்துக்கு விளக்குகிறான். மாமா பேக்ஸ் என்று ஒருவர் நடுநடுவே சிலேடையும் கிண்டலுமாகக் குறுக்கே வருகிறார், பையன் சளைக்காமல் பதில் சொல்கிறான். ரசாயனம் சரியாகவே இருக்கிறது. படிக்கவும் சுவாரஸ்யம்தான்.

ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தால், பிள்ளைக்காக இல்லை. "இத்தனூண்டு பையன் என்னமா பேசறான் பாரு" என்று ரசிக்கிற பெரியவர்களுக்காக. அங்கே ஹாரி ஒரு வேடிக்கைப் பொருள். மாமாவின் ஒவ்வொரு கிண்டலும் 'இது கொஞ்சம் கஷ்டமான விஷயம், அலுத்துப்போயிருப்பீங்க, இந்தாங்க ஒரு மிட்டாய்' என்று சொல்வது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. டிக்கன்ஸின் வாசகர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். பத்து வயதில் ஒருவர் அதைப் படித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைக்க நியாயம் உண்டு.

ஃபாரடேயிடம் வருவதற்கு முன்னால் அவருடைய சின்ன வயதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொல்லர் ஒருவரின் மகன், பள்ளிப் படிப்பு சொற்பம். பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துத்தான் அறிவியல் கற்றார். அதில் ஒன்று ஜேன் மார்செட் எழுதி 1806-ல் வெளியான, ரசாயனம் பற்றிய உரையாடல் புத்தகம். அதில் ஓர் ஆசிரியையும் இரண்டு பெண்களும் பேசிக்கொள்வார்கள். மார்செட் இறந்த பிறகு 1858-ல் எழுதிய கடிதம் ஒன்றில் ஃபாரடே அந்தப் புத்தகத்துக்குத் தான் பட்ட கடனைச் சொல்கிறார். அதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. புத்தகத்தில் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கையில் இருந்த காசுக்கு முடிந்த சின்னச் சின்னச் சோதனைகளைச் செய்து, அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்த்திருக்கிறார். உண்மையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தன் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் அதே மாதிரி சந்தேகப்படும், சந்தேகப்பட அதற்கு உரிமை உண்டு என்று அவர் எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1860-61 உரைகள் ஆறு. அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸ் உரைத் தொடர் அது. வயது 69. வில்லியம் குரூக்ஸ் சுருக்கெழுத்தாளரை வைத்து எழுதி எடுத்து, முதலில் தன் பத்திரிகையிலும், 1861-ல் புத்தகமாகவும் போட்டார். அதனால் நமக்குக் கிடைத்திருப்பது கிட்டத்தட்ட பேச்சே. 'இதோ பாருங்கள்', 'இதை இங்கே வைக்கிறேன்' என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. தொடக்கத்திலேயே, பெரியவர்கள் இருந்தாலும் நான் பேசப்போவது சிறியவர்களிடம், நானும் ஒரு சிறியவனாகவே பேசுவேன் என்கிற பொருளில் சொல்லிவிடுகிறார். அதற்கப்புறம் ஆறு உரைகளிலும் கொஞ்சலோ செல்லக் குரலோ கிடையாது.

டேவியின் அந்த நான்கு பூட்டுகளையும் அவர் திறக்கும் வரிசையைப் பார்க்கலாம். இது பெரும்பாலும் இரண்டாவது உரையில் வருகிறது.

சுடருக்கு நடுவே, திரியைச் சுற்றி ஓர் இருண்ட பகுதி உண்டு. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் முனையை அந்த இருட்டுக்குள் வைக்கிறார். மறு முனை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் போகிறது. குழாய் வழியாக வெண்மையான ஆவி இறங்கி, குடுவையில் படிகிறது. அது மெழுகின் ஆவி. இன்னொரு குழாயை வைத்து அதன் மறு முனையில் தீயைக் காட்டினால் அங்கே இன்னொரு குட்டிச் சுடர் எரிகிறது. மெழுகுவத்தியின் நடுவிலிருந்து எரியாத ஆவியைக் குழாய் போட்டுத் தொலைவுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார். இனிமேல் 'சுடரின் உட்பகுதி' என்பது வெறும் சொல் அல்ல. அங்கிருந்து ஒரு பொருளை வெளியே எடுத்துக் காட்டியாகிவிட்டது.

அடுத்து ஒரு காகிதம். அதைச் சுடரின் மேல் குறுக்கே, நடுப்பகுதி வரை இறக்கிப் பிடித்துச் சட்டென்று எடுக்கிறார். காகிதம் கருகியிருக்கிறது, ஆனால் வட்டம் முழுக்க இல்லை. வளையமாகக் கருகியிருக்கிறது, நடுவில் அவ்வளவாக இல்லை. சூடு இருப்பது காற்றும் ஆவியும் சந்திக்கிற ஓரத்தில்தான். உள்ளே காற்று போய்ச் சேரவில்லை. இரண்டாவது பூட்டும் திறந்தாயிற்று. செலவு ஒரு காகிதம்.

மூன்றாவதற்கு மறுபடியும் அதே குழாய். முனையை இருண்ட பகுதியிலிருந்து மேலே, ஒளிரும் பகுதிக்கு உயர்த்துகிறார். இப்போது குழாய் வழியாக வருவது வெள்ளை ஆவி இல்லை, மை போலக் கறுப்பாக இருக்கிறது. அதில் தீயைக் காட்டினால் எரியாமல் தீயையே அணைத்துவிடுகிறது. முன்பு வந்த ஆவி எரிந்தது, இது எரியவில்லை. ஆக இரண்டுக்கும் நடுவே, ஒரு விரல் அகலத்துக்குள், ஏதோ நடந்து கெட்டிக் கரி உண்டாகியிருக்கிறது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கறுப்புக் கரி எப்படி வெளிச்சம் தரும்? இங்கே அவர் கரியை விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறார். ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கிறார். அந்தச் சுடரின் சூடு மெழுகுவத்தியைவிட மிக அதிகம், ஆனால் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சுடருக்குள் ஒரு சுண்ணாம்புத் துண்டை வைக்கிறார். அரங்கமே கண் கூசுகிற மாதிரி ஒளி. சுண்ணாம்பு எரியவில்லை, சூடேறி ஒளிர்கிறது, அவ்வளவுதான். அதே சுடர், உள்ளே ஒரு கெட்டிப்பொருள் வந்ததும் வெளிச்சமாகிவிட்டது. இதற்கப்புறம் மெழுகுவத்திக்குத் திரும்பினால் பிள்ளைகளே முடிவைச் சொல்லிவிடுவார்கள். லண்டன் தெருவில் துணியெல்லாம் அழுக்காக்கும் கரிப்பொடிதான் சுடருக்குள்ளே இருக்கும்போது அதன் அழகே என்று அவர் சொல்வது அதற்குப் பிறகுதான்.

டேவியின் வாக்கியத்தில் இருந்த எதையும் ஃபாரடே கழிக்கவில்லை. ஆவி, காற்றுக் குறைவு, கரி பிரிவது, அது ஒளிர்ந்து பிறகு எரிவது, நான்கும் இருக்கின்றன. வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது. டேவி முடிவைச் சொல்லிவிட்டுக் காரணங்களை அதற்குள் மடித்துவைக்கிறார். ஃபாரடே ஒவ்வொரு காரணத்தையும் தனியே மேசைமேல் வைத்து, முடிவைக் கடைசியில் விடுகிறார். அவர் கழித்ததெல்லாம் பிள்ளைகள் அங்கேயே சரிபார்க்க முடியாதவற்றைத்தான். அணு, மூலக்கூறு என்ற பேச்சை அவர் நம்பி இழுக்கவில்லை, சமன்பாடு ஒன்றும் எழுதவில்லை. (அணுக்கள் பற்றி அவருக்கே சந்தேகம் இருந்தது என்பது வேறு கதை.)

இதற்கு நேர் எதிரானதைத்தான் நாம் இன்றைக்குச் சாதாரணமாகப் பார்க்கிறோம். சான்றைக் கழித்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொள்வது, வெறும் முடிவு வறட்சியாக இருக்குமே என்று அதற்குச் சர்க்கரை தடவுவது. பிள்ளைக்கு மட்டம் தட்டுகிற மாதிரித் தோன்றுவது சர்க்கரையால்தான் என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இந்த மூன்றையும் படித்த பிறகு, சான்றைக் கொடுக்காததுதான் மட்டம் தட்டுவது என்று படுகிறது. 'நீ நம்பினால் போதும், பார்க்க வேண்டாம்' என்றுதானே அதற்கு அர்த்தம்?

கலைச்சொற்களை அவர் கையாளும் விதமும் கவனிக்கத் தக்கது. உருகிய மெழுகு திரியில் ஏறுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லின் வேர் 'முடி' என்று பொருள்படும் லத்தீன் சொல். நாம் நுண்புழை ஏற்றம் என்கிறோம். ஃபாரடே அந்தச் சொல்லை ஒளிக்கவில்லை. சொல்லிவிட்டு, 'முடியின் ஈர்ப்பா, இதென்ன?' என்று பிள்ளைகள் மனதில் ஓடுவதை அவரே வாய்விட்டுச் சொல்லி, பெயரை விடுங்கள், விஷயம் சரியாகப் புரியாத காலத்தில் யாரோ வைத்தது என்கிறார். உடனே ஒரு தட்டில் உப்பைக் கோபுரமாகக் குவித்து, நீலச் சாயம் கலந்த உப்புக்கரைசலை அடியில் ஊற்றுகிறார். நீலம் உப்புக்குள்ளே ஏறி உச்சிக்குப் போகிறது. கரைசலில் ஏற்கெனவே உப்பு நிறைந்திருப்பதால் குவியல் கரைந்து சரிவதில்லை. இந்தச் சின்ன முன்னேற்பாட்டைக்கூட அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்.

எண்களையும் அவர் மறைப்பதில்லை. ஆறாவது உரையில் மூச்சு விடுவதும் மெழுகுவத்தி எரிவதும் ஒரே மாதிரியான வேலை என்று காட்டும்போது, ஒரு மனிதர் ஒரு நாளில் ஏழு அவுன்ஸ் கரியைக் கார்பானிக் அமிலமாக மாற்றுகிறார் என்கிறார். நம் கணக்கில் சுமார் 200 கிராம். நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்வதுதான் அன்றைக்குக் கார்பானிக் அமிலம். லண்டன் முழுவதற்கும் ஒரு நாளைக்கு 50 லட்சம் பவுண்டு, அதாவது 548 டன் கார்பானிக் அமிலம் என்று அச்சில் இருக்கிறது.

இதுல ஒரு வேடிக்கை. 50 லட்சம் பவுண்டு என்பது 2,200 டன்னுக்கு மேல். 548 எப்படி வந்தது? அன்றைய லண்டனின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். ஆளுக்கு ஏழு அவுன்ஸ் என்றால் 196 லட்சம் அவுன்ஸ், அதாவது 12.25 லட்சம் பவுண்டு. 2,240 பவுண்டு ஒரு டன். வகுத்தால் 547. ஆக 548 டன் என்பது கரியின் எடை. ஆக்சிஜனோடு சேர்ந்த வாயுவின் எடை அல்ல. 12 பங்கு கரி 44 பங்கு வாயுவாகும் என்று பெருக்கினால் ஏறக்குறைய 45 லட்சம் பவுண்டு வரும். அதை முழுமையாக்கி 50 லட்சம் என்றிருக்கலாம். இரண்டு எண்ணும் தனித்தனியே சரி, நடுவில் இருக்கும் 'அதாவது'தான் தப்பு. ஆளுக்கு ஏழு அவுன்ஸ் என்ற எண்ணை அவர் கொடுத்திருப்பதால்தான் இதை இன்றைக்கு ஒரு பிள்ளைகூடப் பெருக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிகிறது. 'ரொம்ப ரொம்ப அதிகம், ஆயிரம் யானை எடை' என்று எழுதியிருந்தால் யாரும் எதையும் சரிபார்த்திருக்க முடியாது.

டேவியும் ஃபாரடேயும் சொன்னது முழுக்கச் சரியா? மெழுகுவத்தி வரைக்கும் சரி. ஆனால் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் 1860-களில் இதை எதிர்த்தார். 1859-ல் மோன் பிளான் உச்சிக்கு மெழுகுவத்திகளைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துப் பார்த்த மனிதர் அவர். அங்கே மெழுகு கீழே எரிந்த அதே வேகத்தில் எரிந்தது, வெளிச்சம் மட்டும் குறைந்துவிட்டது. பிறகு ஹைட்ரஜனை அதிக அழுத்தத்தில் எரித்தால், கெட்டிப்பொருள் எதுவும் இல்லாமலே ஒளி வருகிறது என்று காட்டினார். கெட்டித் துகள் இல்லாமலும் சுடர் ஒளிரலாம் என்பது சரிதான். மெழுகுவத்தியில் ஒளிர்வது கரித்துகள் என்பதும் சரிதான். இதற்கு ஃபாரடேயின் முதல் உரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. பலமான விளக்கு வெளிச்சத்தில் மெழுகுவத்தியை வைத்து அதன் நிழலைத் திரையில் விழ வைக்கிறார். சுடரில் எந்த இடம் மிகவும் பளிச்சென்று இருக்கிறதோ, அந்த இடத்தின் நிழல்தான் மிகவும் கறுப்பாக விழுகிறது. நல்ல வெயிலில் வெள்ளைச் சுவர் ஓரமாக நீங்களும் செய்து பார்க்கலாம். வெளிச்சம் தரும் இடம் வெளிச்சத்தை மறைக்கிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

இனி தமிழுக்கு வருகிறேன். எங்கள் பகுதி நூலகத்துக்கு வரும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மாதம் ஒரு பக்கத் தாள் எழுதுகிறேன். இந்த மாதத் தாளை ஃபாரடேயின் வரிசையில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நமக்குப் பழக்கமான இரண்டு நடைகளை முதலில் காட்டிவிடுகிறேன். இரண்டும் நானே மாதிரிக்கு எழுதியவை.

ஒன்று: "எரிபொருளின் ஹைட்ரோகார்பன்கள் வெப்பச் சிதைவுக்கு உட்பட்டு, முழுமையற்ற எரிதலின் விளைவாகக் கார்பன் துகள்கள் தோன்றி ஒளிர்வதால் சுடர் மஞ்சள் நிறம் பெறுகிறது." இது டேவியின் வாக்கியமேதான், நான்கு பூட்டும் அப்படியே.

இரண்டு: "ஹாய் குட்டீஸ்! கரித்துகள் தம்பிகள் நெருப்பு மாமாவைப் பார்த்ததும் குஷியில் பளபளன்னு மின்னுவாங்களாம்!" பூட்டு இல்லை, கதவும் இல்லை. இதைப் படித்த பிள்ளைக்கு அடுப்பைப் பார்த்து ஒரு புதுக் கேள்விகூடக் கேட்க முடியாது.

தாளில் போனது இது:

"மெழுகுவத்தியை ஏற்றுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நீளக் காம்புள்ள பழைய எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தைச் சுடரின் மஞ்சள் பகுதிக்குள் மூன்று எண்ணும் வரை பிடித்து எடுங்கள். கறுப்பு ஒட்டியிருக்கும். சூடு ஆறியதும் தொட்டால் விரலில் வரும். வெள்ளை மெழுகிலிருந்து கறுப்பு எப்படி வந்தது?

கரண்டியைத் துடைத்துவிட்டு, இந்தத் தடவை சுடரைத் தொடாமல், அதன் நுனிக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். சுடர் ஆடாமல் எரிந்தால் கறுப்பு ஒட்டாது. அப்படியானால் அது சுடருக்குள்ளே உண்டாகிறது, சுடரைத் தாண்டுவதற்குள் காணாமலும் போகிறது.

வெல்டிங் பட்டறையில் இரும்பு சூடேறும்போது பார்த்திருக்கிறீர்களா? முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும். கறுப்பு இரும்பு மஞ்சளாக வெளிச்சம் தருகிறது. சுடருக்குள் இருக்கும் கரிப்பொடிக்கும் அதுதான் நடக்கிறது. உள்ளே காற்று போதாததால் மெழுகின் ஆவி முழுதும் எரியாமல் கரி பிரிகிறது. அது சூடேறி மஞ்சளாக ஒளிர்கிறது. சுடரின் ஓரத்துக்கு வந்ததும் காற்று கிடைத்து, எரிந்து, கண்ணுக்குத் தெரியாத வாயுவாகிவிடுகிறது. இந்தக் கரிக்கு அறிவியலில் கார்பன் என்று பெயர்.

கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் அதே கரண்டியைப் பிடித்தால் என்ன ஆகும்? முதலில் உங்கள் ஊகத்தை எழுதிவிட்டுப் பிறகு பிடித்துப் பாருங்கள்."

இதில் ஃபாரடேக்கு இல்லாத ஒரு சிக்கல் எனக்கு இருந்தது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். தமிழில் நீ, நீங்கள் என்று முதல் வரியிலேயே முடிவெடுத்தாக வேண்டும். நேரில் அந்தப் பிள்ளைகளை எல்லோரும் போல நானும் வா போ என்றுதான் பேசுகிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. அச்சில் முன்பின் தெரியாத ஒருவரிடம் 'கரண்டியைப் பிடி' என்றால் உத்தரவாகிவிடுகிறது. 'பிடிங்க செல்லம்' என்றால் கதை கந்தல். அதனால் 'நீங்கள்' வைத்தேன்.

ஃபாரடேயின் சுண்ணாம்புக்குப் பதில் வெல்டிங் பட்டறை என்பதும் யோசித்துப் போட்டதுதான். ஹைட்ரஜன் சுடர் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. கண் மை செய்வதையும் எழுதியிருக்கலாம்: விளக்கெண்ணெய் விளக்குக்கு மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்துப் படிகிற கரியைச் சுரண்டி எடுப்பது. அதைப் பார்த்த பிள்ளைகள் இப்போது குறைவு என்பதால் விட்டேன். பாட்டியிடம் கேளுங்கள் என்று ஓரத்தில் ஒரு வரி மட்டும் இருக்கிறது.

நீலச் சுடரில் கரண்டி சுத்தமாகவே இருக்கும். பர்னருக்கு வருவதற்குள் வாயு காற்றோடு கலந்துவிடுகிறது. டேவி பார்த்த அதே வெளிறிய சுடர்தான் இது. பர்னர் அடைத்துக்கொண்டு சுடர் மஞ்சளாகும்போது பாத்திரத்தின் அடி கரி பிடிப்பதும் இதனால்தான்.

ஆனால் 'மஞ்சள் என்றால் கரி' என்று மட்டும் எழுதக் கூடாது. சோறு பொங்கி உப்புத் தண்ணீர் அடுப்பில் வழிந்தாலும் சுடர் மஞ்சளாகிறது. அது கரியால் இல்லை, உப்பில் இருக்கும் சோடியத்தால். சமையலறையில் நின்று பார்க்கிற எந்தப் பிள்ளையும் இதைக் கேட்கும். அதனால் தாளின் கடைசியில் அதைக் கேள்வியாகவே வைத்துவிட்டேன்: உப்புத் தண்ணீர் பட்ட மஞ்சளில் கரி இருக்கிறதா, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? விடை அச்சிடவில்லை. கரண்டிதான் அவர்கள் கையில் இருக்கிறதே. சோடியம் என்ற பெயரும் இந்தத் தாளில் இல்லை. கரண்டி சுத்தமாக வந்துவிட்டது, அப்படியானால் அந்த மஞ்சள் எதனுடையது என்று யாராவது வந்து கேட்டால், அடுத்த மாதத் தாள் அதைப் பற்றித்தான்.